வரவேற்பு மெயில் தொடர் ஒழுங்காப் போகுது, ஆனா முதல் மாத ரத்து குறையல. எங்கே பார்க்கணும்?

மணல்கடிகாரம்

வணக்கம். அப்பாயின்ட்மென்ட் புக்கிங் சாஃப்ட்வேர் ஒன்றில் வேலை செய்கிறேன். இசை ஆசிரியர்கள், பிசியோதெரபிஸ்ட்கள், ஆலோசகர்கள் என்று பெரும்பாலும் தனியாளாகத் தொழில் செய்பவர்கள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். 14 நாள் ட்ரையல், ஆரம்பத்திலேயே கார்டு வாங்குகிறோம். மாதம் சுமார் 200 பேர் சேர்கிறார்கள். அதில் 60 பேர் முதல் மாதம் முடிவதற்குள் போய்விடுகிறார்கள்.

சேர்ந்த நாளில் ஒன்று, பிறகு 1, 3, 5, 7, 10, 13ஆம் நாட்களில் ஒவ்வொன்று என ஏழு மெயில் போகிறது. ஓபன் ரேட் 58%. தலைப்பு வரிகளை மாற்றிப் பார்த்தோம், ஓபன் ஏறியது, ரத்து அப்படியே நிற்கிறது. மெயில்களைக் கூட்டுவதா, குறைப்பதா, முழுசாகத் திருப்பி எழுதுவதா? இதைச் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

---

பச்சைக்கொடி

58% ஓபன்னா மெயில்ல குறையே இல்லைங்க. படிக்கிறாங்க, படிச்சிட்டும் போறாங்கன்னா சிக்கல் மெயிலுக்கு வெளிய இருக்கு. விலையைப் பாருங்க, இல்ல ஆப்பைப் பாருங்க. ஒண்ணு மட்டும் சொல்வேன், ரெண்டு வாரத்துல ஏழு மெயில் அதிகம். மூணு போதும். மிச்சம் நாலும் சும்மா வசதிப் பட்டியலாத்தான் இருக்கும்.

---

அலைவரிசை

பச்சைக்கொடி சொன்னதில் பின்பாதி சரி. முன்பாதியை ஒத்துக்கொள்ள மாட்டேன். ஓபன் ரேட்டை வைத்து "படிக்கிறார்கள்" என்று சொல்ல முடியாது. 2021 செப்டம்பரில் ஐஓஎஸ் 15 வந்ததிலிருந்து, ஆப்பிள் மெயில் ஆப்பில் தனியுரிமைப் பாதுகாப்பை இயக்கியவர்களுக்கு, மெயிலில் இருக்கும் படங்களை ஆப்பிளே முன்கூட்டி இறக்கி வைத்துவிடுகிறது. நாம் ஓபனை எண்ணுவது ஒரு சின்னப் படம் இறங்குவதை வைத்துத்தான். அதனால் அவர் மெயிலைத் தொடாமலே "ஓபன்" என்று பதிவாகும். அந்த 58%இல் எத்தனை உண்மை என்று உங்களால் பிரிக்கவே முடியாது.

க்ளிக்கிலும் கொஞ்சம் இதே கதை உண்டு. சில அலுவலக மெயில் சர்வர்கள் பாதுகாப்புச் சோதனைக்காக ஒவ்வொரு லிங்க்கையும் தாமே திறந்து பார்க்கும். மெயில் போய்ச் சேர்ந்த சில நொடிகளில் எல்லா லிங்க்கும் க்ளிக் ஆகியிருந்தால் அது மனிதர் இல்லை.

மெயிலைத் தொடுவதற்கு முன்னால் மூன்று விஷயம் எடுத்துக் கொண்டு வாருங்கள்:

அந்த 60 பேரில் கார்டு மறுக்கப்பட்டுப் போனவர்கள் எத்தனை பேர்? அவர்கள் ரத்து செய்யவில்லை, பணம் எடுக்க முடியாமல் கணக்கு மூடியிருக்கிறது. வரவேற்பு மெயில் அவர்களுக்கு ஒன்றும் செய்யாது.

சேர்ந்த முதல் நாளிலேயே ரத்து அழுத்தியவர்கள் எத்தனை பேர்?

மீதிப் பேர் ஆப்புக்குள் கடைசியாகச் செய்த காரியம் என்ன? இதுதான் முக்கியம். அவர்கள் எந்தப் படியில் நின்றார்கள் என்று தெரியாமல் எழுதும் மெயில் எல்லாருக்கும் பொதுவாகத்தான் வரும்.

---

கிழக்குவாசல்

நாங்க இதுக்கு ஒரு மெயில் வெச்சிருக்கோம், நல்லா வேலை செய்யுது. ரத்து பண்ணி 30 நாள் கழிச்சு "திரும்ப வாங்க, மூணு மாசம் பாதி விலை"ன்னு அனுப்புவோம். கொஞ்சம் பேர் வந்துடறாங்க. நீங்களும் போட்டுப் பாருங்க சகோ.

---

மணல்கடிகாரம்

கிழக்குவாசல், நன்றி. ஆனால் அது போனவர்களைத் திரும்பக் கூப்பிடுவது. நான் கேட்பது போவதற்கு முன்னால் உள்ள இரண்டு வாரத்தைப் பற்றி. பாதி விலைக்கு வந்தவர்களும் அதே படியில் மறுபடி நின்றுவிடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது.

அலைவரிசை, நீங்கள் கேட்டதைப் போன மாதக் கணக்கிலிருந்து எடுத்தேன். 60இல் கார்டு மறுக்கப்பட்டவர்கள் 9, முதல் நாளே ரத்து செய்தவர்கள் 14, மீதி 37.

இந்த 37 பேர்தான் ஆச்சரியம். அதில் 31 பேர் காலண்டரை இணைத்திருக்கிறார்கள், வேலை நேரமும் போட்டிருக்கிறார்கள். புக்கிங் பக்கம் தயார். ஆனால் 26 பேருக்கு வெளியாள் ஒருவர்கூட புக் செய்யவில்லை. பலருடைய கணக்கில் ஒரே ஒரு புக்கிங் இருக்கிறது, அதுவும் அவர்களே தங்கள் சொந்த மெயில் முகவரியில் செய்து பார்த்தது.

நீடித்த 140 பேரில் 103 பேருக்கு முதல் வாரத்துக்குள்ளேயே வெளியாள் புக்கிங் வந்திருக்கிறது. போனவர்களையும் சேர்த்துப் பார்த்தால், 200இல் 120 பேருக்கு முதல் வாரத்தில் அது நடந்திருக்கிறது.

---

அலைவரிசை

உங்கள் கேள்விக்கான பதிலில் பெரும்பகுதி நீங்கள் எடுத்த கணக்கிலேயே இருக்கிறது.

அமைப்பதில் பெரும்பாலோர் சிக்கவில்லை. காலண்டரை இணைத்தார், நேரம் போட்டார், தானே ஒருமுறை புக் செய்து பார்த்தார், நன்றாக இருக்கிறது என்று மூடிவிட்டார். அடுத்த படி ஆப்புக்குள் இல்லை. லிங்க்கை எடுத்துத் தன் மாணவருக்கோ நோயாளிக்கோ அனுப்ப வேண்டும், அது வாட்ஸ்அப்பில் நடக்கும் காரியம். அங்கே ஒரு கூச்சம் இருக்கிறது. இதுவரை "எப்ப வரலாம் சார்?" என்று கேட்டவரிடம் "இனி இந்த லிங்க்கில் புக் பண்ணுங்க" என்று எப்படிச் சொல்வது, தப்பாக நினைப்பாரா என்று தயங்குகிறார். அந்தத் தயக்கத்திலேயே இரண்டு வாரம் போய்விடும்.

அந்த நேரத்தில் உங்கள் மெயில்கள் என்ன சொல்கின்றன? 3ஆம் நாளும் 5ஆம் நாளும் போகும் மெயிலின் தலைப்பைச் சொல்ல முடியுமா?

---

மணல்கடிகாரம்

3ஆம் நாள்: "நினைவூட்டல் எஸ்எம்எஸ் வசதி தெரியுமா?" 5ஆம் நாள்: "வருமான அறிக்கையை ஒரே பார்வையில்."

---

அலைவரிசை

புக்கிங்கே வராதவருக்கு எதை நினைவூட்டுவது, எந்த வருமானத்தை அறிக்கை போடுவது? அந்த மெயில்கள் தம்மளவில் மோசமில்லை. அவர் நிற்கும் இடத்துக்குச் சம்பந்தமில்லை, அவ்வளவுதான்.

நாள் கணக்கை விட்டுவிட்டு, அவர் செய்ததை வைத்து அனுப்புங்கள். காலண்டர் இணைத்து 20 மணி நேரம் ஆகியும் வெளியாள் புக்கிங் வரவில்லை என்றால் லிங்க் மெயில் போக வேண்டும். ஏன் 20 என்றால், முந்தின நாள் அவர் எந்த நேரத்தில் உட்கார்ந்து இதை அமைத்தாரோ, கிட்டத்தட்ட அதே நேரத்துக்கு மறுநாள் மெயில் இன்பாக்ஸில் மேலே இருக்கும். தனியாளாகத் தொழில் செய்பவருக்கு இதற்கென்று கிடைக்கும் ஓய்வு நேரம் பெரும்பாலும் தினமும் ஒன்றுதான்.

```
if calendar_connected and outside_bookings == 0 \
        and hours_since_connect >= 20:
    send("share_link")
```

இதில் பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று இருக்கிறது. நிபந்தனையை மெயிலை வரிசையில் போடும்போது பார்த்தால் போதாது, அனுப்பும் நொடியில் மறுபடி பார்க்க வேண்டும். காலையில் வரிசையில் போட்டு மாலையில் அனுப்பினால், நடுவில் ஒருவருக்கு முதல் புக்கிங் வந்திருக்கும். சந்தோஷமாக இருப்பவருக்கு "இன்னும் யாரும் புக் செய்யவில்லையே" என்று மெயில் போனால், இவர்களுக்கு என் கணக்கில் என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை என்ற எண்ணம் வந்துவிடும். அதேபோல வெளியாள் புக்கிங் வந்த நொடியிலேயே இந்தத் தொடரிலிருந்து அவரை வெளியே எடுத்துவிட வேண்டும்.

மெயில் எப்படி இருக்கும் என்று ஒரு மாதிரி எழுதுகிறேன்:

> தலைப்பு: உங்கள் மாணவர்களுக்கு அனுப்ப ஒரு செய்தி
>
> வணக்கம். உங்கள் புக்கிங் பக்கம் தயார். இனி அதை ஒருவருக்கு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. கீழே உள்ளதை அப்படியே எடுத்து, அடுத்து வரப்போகும் ஒரே ஒரு மாணவருக்கு அனுப்புங்கள்:
>
> "அடுத்த வகுப்புக்கு உங்களுக்கு வசதியான நேரத்தை இதில் நீங்களே எடுத்துக்கொள்ளலாம். சிரமம் என்றால் எனக்கே சொல்லுங்கள், நான் போட்டுவிடுகிறேன்."
>
> அனுப்பத் தயக்கமாக இருந்தால் என்ன காரணம் என்று இந்த மெயிலுக்கே ஒரு வரி பதில் எழுதுங்கள். நான்தான் படிப்பேன்.

செய்திக்கு அடியில் அவருடைய உண்மையான லிங்க் இருக்க வேண்டும். "டாஷ்போர்டுக்குப் போய் எடுங்கள்" என்று பட்டன் வைக்காதீர்கள். மெயிலைப் போனில் பார்ப்பார், டாஷ்போர்டில் மறுபடி லாகின் கேட்கும், அங்கேயே நின்றுவிடும். சேரும்போது தொழில் என்ன என்று கேட்டிருந்தால் மாணவர், நோயாளி, வாடிக்கையாளர் என்ற சொல் அதற்கேற்ப மாறட்டும்.

"ஒரே ஒருவருக்கு" என்பதை எடுத்துவிடாதீர்கள். எல்லாருக்கும் அனுப்பச் சொன்னால் அது ஒரு பெரிய முடிவு, நல்ல நாள் பார்த்துச் செய்யலாம் என்று தள்ளிப்போடுவார்.

பதில் எழுதச் சொன்னால் பதில் வரும் முகவரியிலிருந்து அனுப்புங்கள். அப்படி வரும் ஒரு வரிகள் இந்தத் தொடரை எப்படித் திருத்துவது என்று சொல்லிக் கொடுக்கும்.

---

தறிநூல்

அலைவரிசை சொல்வது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் ஒரு இடத்தில் வேகமாகத் தாண்டிவிட்டார். வெளியாள் புக்கிங் வந்தவர்கள் நீடித்தார்கள் என்பதால், புக்கிங் வரவைத்தால் நீடிப்பார்கள் என்று ஆகாது. ஏற்கெனவே நிறைய மாணவர்கள் இருக்கும் ஆசிரியருக்கு புக்கிங்கும் வரும், அவர் சந்தாவும் கட்டுவார். இரண்டு மாணவர்கள் மட்டுமே உள்ளவருக்கு இந்த ஆப்பே தேவையில்லாமல் இருக்கலாம். மெயில் தள்ளித் தள்ளி அவர் லிங்க்கை அனுப்பிவிட்டாலும் மாதக் கடைசியில் போய்விடுவார்.

இதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, சேர்பவர்களை ஆப் தானாகவே சீட்டுக் குலுக்குவது போல் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பழைய தொடரையும் மறுபாதிக்குப் புதியதையும் அனுப்புவது. போன மாதத்தையும் இந்த மாதத்தையும் ஒப்பிடாதீர்கள். விளம்பரம் மாறினாலே சேரும் ஆட்கள் மாறிவிடுவார்கள்.

எத்தனை பேர் வேண்டும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. ஒரு பிரிவுக்கு:

```
n ≈ 16 × p × (1 − p) / d²
```

p என்பது இரண்டு பிரிவின் சராசரி விகிதம், d என்பது நீங்கள் கண்டுபிடிக்க நினைக்கும் வித்தியாசம். ரத்து 30%இலிருந்து 24%க்கு இறங்குகிறதா என்று பார்க்க வேண்டுமானால் p 0.27, d 0.06. ஒரு பிரிவுக்கு 876 பேர், இரண்டுக்கும் சேர்த்து 1752 பேர். மாதம் 200 பேர் சேரும் உங்களுக்கு ஏறக்குறைய ஒன்பது மாதம் ஆகும்.

---

மணல்கடிகாரம்

ஒன்பது மாதம் காத்திருக்க எங்கள் இடத்தில் விடமாட்டார்கள்.

---

தறிநூல்

அப்படியென்றால் முதலில் இடைப்பட்ட படியை அளந்து பாருங்கள். முதல் வாரத்தில் வெளியாள் புக்கிங் வருபவர்கள் இப்போது 60%. அது 72% ஆகிறதா என்று பார்க்க p 0.66, d 0.12. ஒரு பிரிவுக்கு 250 பேர் போதும், மொத்தம் 500, இரண்டரை மாதத்தில் தெரிந்துவிடும். அது நகரவில்லை என்றால் ரத்தும் இந்த மெயிலால் நகராது, நிறுத்திவிடலாம். நகர்ந்தால் பிரிவுகளைக் கலைக்காமல் ஓடவிட்டு, ரத்து என்ன ஆகிறது என்று பொறுமையாகப் பாருங்கள். நடுவில் வாரத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்து, நன்றாகத் தெரிந்த வாரத்தில் நிறுத்திவிடாதீர்கள். இல்லாத வித்தியாசம் இருப்பது போல் தெரிவது அப்படித்தான்.

---

அலைவரிசை

தறிநூல் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். இரண்டு மாணவர்கள் மட்டுமே உள்ளவர் போனால் அது இழப்பா என்பது வேறு கேள்வி. அவரை நான் பிடித்து வைக்க மாட்டேன்.

---

கூட்டுவண்டி

எங்களுக்கு நடந்ததைச் சொல்றேன், உங்களுக்கும் வரலாம். எங்க சாஃப்ட்வேர்ல முதலாளி கணக்கு திறந்து ஊழியர்களைச் சேர்ப்பார். சேர்க்கப்பட்ட ஒவ்வொரு ஊழியருக்கும் அதே வரவேற்புத் தொடர் முழுசாப் போயிட்டிருந்தது. "உங்கள் நிறுவனத்தின் பெயரைப் போடுங்க", "கார்டு விவரத்தைச் சரிபாருங்க"ன்னு ரிசப்ஷன்ல இருக்கிற பொண்ணுக்கு மெயில். அவங்க என்ன பண்ணுவாங்க, ஸ்பேம்னு அழுத்திட்டாங்க. நிறைய பேர் அழுத்த அழுத்த, கடைசில பாஸ்வேர்ட் மாத்துற மெயில்கூட ஜிமெயில்ல ஸ்பேமுக்குப் போக ஆரம்பிச்சது. உள்ளே நுழைய முடியாம ரத்து பண்ணினவங்க இருக்காங்க. மெயில் தொடரே ரத்தை உண்டாக்கிச்சு.

---

அலைவரிசை

இது தனியாகப் பேச வேண்டிய விஷயம், நல்ல நேரத்தில் சொன்னீர்கள். அழைக்கப்பட்டு வந்தவருக்கு ஒரே ஒரு மெயில் போதும். யார் சேர்த்தார், உள்ளே போய் எதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

பாஸ்வேர்ட், ரசீது போன்றவற்றை ஒரு துணை டொமைனிலிருந்தும் வரவேற்புத் தொடரை வேறொரு துணை டொமைனிலிருந்தும் அனுப்புங்கள். ஒன்றின் கெட்ட பெயர் மற்றதை அவ்வளவு எளிதில் தொற்றாது. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் மொத்தமாக அனுப்புபவர்களுக்கு விதியை இறுக்கிவிட்டன. ஜிமெயில் கணக்குகளுக்கு நாளொன்றுக்கு 5000 மெயிலைத் தொட்டால் அனுப்புவது நீங்கள்தான் என்று உறுதிசெய்யும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் இருக்க வேண்டும், ஸ்பேம் புகார் 0.3%ஐ எட்டக்கூடாது, விளம்பர வகை மெயிலில் ஒரே அழுத்தில் விலகும் வசதி வேண்டும். அதற்கு இந்த இரண்டு ஹெடர்:

```
List-Unsubscribe: <https://example.com/u/abc123>
List-Unsubscribe-Post: List-Unsubscribe=One-Click
```

மாதம் 200 பேர் சேரும் இடத்துக்கு 5000 என்ற வரம்பு எட்டாது. இருந்தாலும் போட்டுவிடுங்கள். விலகும் வழி கண்ணில் படாவிட்டால் கை போவது ஸ்பேம் பட்டனுக்குத்தான்.

---

கூட்டுவண்டி

லிங்க் மெயில் விளம்பர வகையா, கணக்கு சம்பந்தப்பட்டதா? எங்க டீம்ல இதுக்கே சண்டை.

---

அலைவரிசை

பெறுபவர் அதை எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதைப் பொறுத்தது. நான் சந்தேகம் வந்தால் விளம்பர வகை என்றே வைத்து விலகும் வழி கொடுப்பேன். இதில் வேறு கருத்து உள்ளவர்களும் உண்டு.

---

மணல்கடிகாரம்

முதல் நாளே ரத்து செய்த 14 பேரைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அவர்களில் பலர் ரத்து செய்த பிறகும் ஆப்பைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள், அதுதான் புரியவில்லை.

---

அலைவரிசை

அப்படியானால் அவர்கள் உங்களை வேண்டாம் என்று சொல்லவில்லை. மறந்துபோய்ப் பணம் போய்விடுமோ என்று முன்கூட்டியே ரத்து செய்து வைத்திருக்கிறார்கள். முதல் மெயிலின் மேலேயே தெளிவாக எழுதுங்கள்: எந்தத் தேதியில் பணம் எடுப்போம், அதற்கு ஒரு வாரம் முன்னால் நாங்களே நினைவூட்டுவோம், ரத்து செய்ய எங்கே அழுத்த வேண்டும். சொன்னபடி நினைவூட்டுங்கள். விசா 2020 ஏப்ரலிலிருந்து ட்ரையல் முடிந்து சந்தா தொடங்கும் கணக்குகளுக்கு, பணம் எடுப்பதற்குக் குறைந்தது 7 நாள் முன்னால் நினைவூட்ட வேண்டும் என்று வைத்திருக்கிறது. உங்கள் 14 நாள் ட்ரையலில் அது 7ஆம் நாள் மெயில். 13ஆம் நாள் மெயில் அந்தக் கணக்கில் சேராது.

---

பச்சைக்கொடி

விதிக்குக் கட்டுப்படணும், அதை மறுக்கல. ஆனா நினைவூட்டினா ரத்து கூடும்ங்க. நான் நேர்ல பார்த்திருக்கேன். ரத்தைக் குறைக்கத்தானே இந்த இழையே.

---

தறிநூல்

ட்ரையலுக்குள் ரத்து கூடலாம். ஆனால் நினைவூட்டாமல் பணம் எடுத்தால் அதே ஆள் அடுத்த வாரம் ரீஃபண்ட் கேட்பார், அல்லது வங்கியிடம் போய்ப் புகார் செய்வார். அவரை "நீடித்தவர்" கணக்கில் வைத்துப் பார்த்தால் எண் நன்றாகத்தான் தெரியும். ரீஃபண்டையும் வங்கிப் புகாரையும் ரத்தோடு சேர்த்து எண்ணிவிட்டு, 60 நாள் கழித்து யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்.

---

பச்சைக்கொடி

60 நாள் கணக்கு நான் எடுத்ததில்ல. எடுத்துப் பார்த்துட்டுச் சொல்றேன். இப்போதைக்கு என் கருத்து மாறல.

---

மணல்கடிகாரம்

இப்போது இப்படிச் செய்யப்போகிறோம். முதல் மெயிலில் பணம் எடுக்கும் தேதி, 7ஆம் நாள் நினைவூட்டல், இந்த இரண்டும் எல்லாருக்கும் போகும். பாதிப் பேருக்கு வசதி விளக்க மெயில்கள் நிற்கும், பதிலாக லிங்க் மெயில் போகும். மறுபாதிக்குப் பழைய தொடர்.

ஒரு சந்தேகம் மிச்சம். பிசியோதெரபிஸ்ட்கள் சிலர் லிங்க்கே அனுப்புவதில்லை. நோயாளி போன் செய்கிறார், இவர்களே ஆப்பில் நேரத்தைப் பதிந்துகொள்கிறார்கள். அவர்கள் நீடிக்கிறார்கள்தான், ஆனால் எங்கள் கணக்கில் வெளியாள் புக்கிங் பூஜ்யம். அவர்களுக்கு லிங்க் மெயில் போனால் எரிச்சல்தானே?

---

அலைவரிசை

நீடித்த 140இல் முதல் வாரம் வெளியாள் புக்கிங் வராத 37 பேர் இருக்கிறார்களே, அவர்களில் எத்தனை பேர் இப்படிக் கையால் பதிபவர்கள் என்று பாருங்கள். வேறொருவர் பெயரில் இரண்டு மூன்று பதிவு இருந்தால் அவரும் உண்மையாகப் பயன்படுத்துபவர்தான், லிங்க் மெயில் நிபந்தனையிலிருந்து அவரை விலக்கிவிடுங்கள். அவர்களுக்கு அந்த எஸ்எம்எஸ் நினைவூட்டல் மெயில் பொருத்தமாக இருக்கலாம், நோயாளி வராமல் போவதுதான் அவர்களுடைய கவலை. எத்தனையாவது பதிவுக்குப் பிறகு அனுப்புவது என்று எனக்கு உறுதியான கருத்தில்லை. கையால் பதியும் கணக்குகளை வைத்து வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

---

கூட்டுவண்டி

நாங்க மூணாவது பதிவுக்கு அப்புறம் அனுப்புறோம். முதல் பதிவு பெரும்பாலும் சோதனைக்குப் போட்ட பொய்ப் பெயர்தான், "டெஸ்ட்", "ஏஏஏ"ன்னு இருக்கும். அதை வடிகட்டிட்டு எண்ணுங்க.